ஒரே ஒரு ஹிண்ட் மேடம்

அழகுபாண்டியைப் பற்றிக் கேட்டால் எங்கள் கல்லூரி ஆபீசில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பார்ட் டைம் மாணவர், காப்பி கேஸில் போனவர், அவ்வளவுதான். எனக்கு அந்த வரியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் செல்லத்தாய், அந்தக் கல்லூரியின் மைக்ரோபிராசசர் லேபில் அசிஸ்டெண்ட். கருவிகளுக்குக் கரண்ட் கொடுப்பது, கெட்டுப்போன கீபோர்டை மாற்றுவது, பிள்ளைகள் விட்டுப்போகும் பேனாவைப் பத்திரப்படுத்துவது என் வேலை. அழகுபாண்டியை மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்த முதல் நாளிலிருந்து தெரியும். அதனால் அவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் வரட்டும், மறைக்கப் போவதில்லை.

மனிதருக்கு நாற்பதை நெருங்கும் வயது. உசிலம்பட்டியில் வீடு, கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. டிப்ளமோ படித்தவர். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன்கள் எல்லாம் பி.இ. என்ற இரண்டெழுத்தைக் காட்டி எஞ்சினியர் ஆகிவிட்டார்கள். இவர் மட்டும் அவர்களுக்கு மெஷினைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தார். சரி, நாமும் படித்துவிடுவோம் என்று பார்ட் டைமில் சேர்ந்தார். நடுவில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட, படிப்பை நிறுத்தினார். மறுபடி வந்தார். கல்லூரி விதிப்படி சேர்ந்ததிலிருந்து இத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. இந்த வருஷம்தான் அவருக்குக் கடைசி. மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம், எங்கள் லேபோடு சேர்ந்த மைக்ரோபிராசசர் பாடம்.

ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறி வருவார். சட்டையில் ரப்பர் வாடை அடிக்கும். பக்கத்தில் உட்காரும் பொடிசுகள் மூக்கைச் சுளிப்பார்களோ என்று கடைசி மேஜையில் போய் உட்காருவார். "முன்னாடி வாங்கண்ணே, போர்டு தெரியாது" என்பேன். "இல்லக்கா, ஃபேன் இங்கதான் நல்லா சுத்துது" என்பார். அந்த மேஜைக்கு மேலே இருக்கிற ஃபேன் சுற்றி நான் பார்த்ததே இல்லை.

அந்த லேபுக்குப் பாட உதவியாளராக வந்தவள் முபீனா. கோரிப்பாளையத்துப் பெண், எம்.இ. இரண்டாம் வருஷம். அசைன்மெண்ட் திருத்துவதும், பிள்ளைகளின் சந்தேகத்துக்கு மெயிலில் பதில் போடுவதும் அவள் பொறுப்பு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, கெடுபிடியான மனிதர். எம்.இ. படிக்க அவர் சம்மதித்ததே அந்த உதவியாளர் இடம் கிடைத்ததால்தான். சின்னப் பெண்தான், ஆனால் பாடத்தில் நெருப்பு. துறைத் தலைவர் அவளுக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: ஹிண்ட் கொடுக்கலாம், ஒரு வரி புரோகிராம்கூடக் கொடுக்கக் கூடாது. அவள் அதை வேதம்போல் பிடித்துக்கொண்டாள். யாராவது "எங்க தப்புன்னு சொல்லிடுங்க மேடம்" என்று குழைந்தால், "நீங்க என்ன பார்த்தீங்கன்னு முதல்ல எழுதுங்க" என்பாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் அழகுபாண்டி அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அந்தப் பருவத்தில் மார்க்குள்ள அசைன்மெண்ட் ஒன்று வந்தது. ஒரு விளக்கை எரியவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, அணைக்க வேண்டும். இந்தப் 'பொறுத்து' என்பதைத்தான் பிராசசருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே ஒரு எண்ணைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வா, பூஜ்யமானதும் வெளியே வா என்று வெட்டியாக ஓடவிடுவார்கள். அதுதான் லூப். ஒன்று குறைக்கிற கட்டளைக்கு டிசிஆர் என்று பெயர், பூஜ்யமாகாதவரை மேலே திருப்பி அனுப்புகிற கட்டளைக்கு ஜேஎன்இசட். முந்தைய வாரம் சின்ன எண்ணை வைத்து எல்லாரும் செய்திருந்தார்கள், ஓடியது. இந்த முறை கூடுதல் நேரம் வேண்டும், பெரிய எண் வேண்டும். பெரிய எண், ரிஜிஸ்டர் என்கிற ஒரு கட்டத்துக்குள் அடங்காது. பி, சி என்ற இரண்டையும் சேர்த்து ஜோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் வகுப்பு மொத்தமும் மாட்டிக்கொண்டது. விளக்கு எரியும், அணையவே அணையாது.

இரண்டாம் நாள் மத்தியானம் அழகுபாண்டியின் மெயில் வந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே தட்டியிருக்கிறார். முபீனா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். "அக்கா, இதப் பாருங்களேன்" என்று போனை என்னிடம் நீட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார். அதில் இருந்தது இதுதான்:

'வணக்கம் மேடம். நான் அழகுபாண்டி, பார்ட் டைம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். லூப் நிக்க மாட்டேங்குது. போன வாரம் டிசிஆர் போட்டுக் குறைச்சேன், நின்னுச்சு. இப்ப ஜோடிங்கறதால டிசிஎக்ஸ் போட்டுக் குறைக்கிறேன். அடுத்த வரி அதே ஜேஎன்இசட். பெரிய எண்ணுல பாக்க முடியலைனு மூணை வச்சு சிமுலேட்டர்ல ஒவ்வொரு அடியா ஓட்டுனேன். மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம் வந்துச்சு. பூஜ்யத்துல வெளிய வரணும்ல? வரலை. திரும்பவும் மேல போயி நாலு எஃப், இருக்கறதுலயே பெரிய எண், ஆயிருச்சு. பூஜ்யம் வந்ததை நான் கண்ணால பாத்தேன் மேடம். அது ஏன் பாக்க மாட்டேங்குது? விடை வேணாம். ஒரே ஒரு ஹிண்ட் மேடம். எங்க பாக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும்.'

முபீனா சாப்பாட்டை மறந்துவிட்டாள். "அக்கா, வகுப்புல பாதிப் பேரு 'நாட் வொர்க்கிங்'னு ரெண்டு வார்த்தை அனுப்பியிருக்காங்க. இந்த அண்ணன் எப்படிக் கேட்டிருக்காரு பாருங்க! தானாவே முக்கால்வாசி வந்துட்டாரு" என்றாள். அவள் முகம் அன்றைக்கு இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அங்கேயே பதில் எழுதினாள். 'அண்ணே, பூஜ்யம் வந்தது உங்களுக்குத் தெரிகிறது. ஜேஎன்இசட் ரிஜிஸ்டரைப் பார்ப்பதில்லை, ஜீரோ கொடியைத்தான் பார்க்கும். டிசிஎக்ஸ் ஓடுவதற்கு முன்னும் பின்னும் அந்தக் கொடியைக் கவனியுங்கள். பிறகு டிசிஆர், டிசிஎக்ஸ் இரண்டும் எந்தெந்தக் கொடியைத் தொடும் என்று புத்தகத்தில் பாருங்கள்.' இவ்வளவுதான். ஒரு வரி புரோகிராம் கிடையாது. நான் சாட்சி.

விஷயம் என்னவென்றால், கொடி என்பது விடை பூஜ்யமானால் பிராசசர் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் ஓர் அடையாளம். டிசிஆர் குறைத்துவிட்டுக் கொடியையும் சரிசெய்யும். டிசிஎக்ஸ் குறைப்பதோடு சரி, எந்தக் கொடியையும் தொடாது. ஆரம்பத்தில் கொடி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஜேஎன்இசட் அதைப் பார்த்து 'இன்னும் பூஜ்யமாகவில்லை' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் போதாது, வழியும் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் லேபுக்குள் நுழைந்தபோதே அழகுபாண்டி சிரித்துக்கொண்டு வந்தார். "மேடம், புடிச்சுட்டேன்! அது தானா கொடியத் தொடாதுன்னா நாமதான் தொட வைக்கணும். சி-ல இருக்கறத ஏ-க்குக் கொண்டாந்து, பி-யோட சேத்துப் பாக்க ஓஆர்ஏ போட்டேன். ரெண்டும் பூஜ்யமா இருந்தாத்தான் விடை பூஜ்யம் வரும், அப்ப கொடி ஏறிரும். அம்புட்டுதான மேடம்?"

"அம்புட்டுதான் அண்ணே" என்றாள் முபீனா. அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கருவியில் ஏற்றி ஓட்டினார். விளக்கு எரிந்தது, பொறுத்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மனிதர் எழுந்து நின்று பார்த்தார். "எங்க தமிழ்வாணிக்கு வீடியோ எடுத்து அனுப்பணும்க்கா" என்று என்னிடம் சொன்னார். தமிழ்வாணி அவருடைய ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்களாம். யார் முதலில் கொட்டாவி விடுகிறார்களோ அவர்கள்தான் டீ போட வேண்டுமாம்.

அந்த சந்தோஷத்தில்தான் பாவி மனுஷன் அதைச் செய்தார்.

அவருடைய கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது வெளியே போகிறவன் உள்ளே வருகிறவனுக்கு மூன்று விஷயம் சொல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது: என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தோம். வாயாலும் சொல்ல வேண்டும், ஷிப்ட் குரூப்பிலும் போட வேண்டும். ஒருமுறை ஒரு பையன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ரப்பரை அழுத்தும் பிரஸ் மெஷினின் சுவிட்ச் ஒட்டிக்கொள்வதைச் சொல்லாமல் போய்விட்டான். அடுத்து வந்தவனுக்கு மூன்று விரல் போனது. அந்தக் கையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அழகுபாண்டி. அதற்குப் பிறகு தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது அவரைப் பொறுத்தவரை பாவம்.

அந்தப் பழக்கத்திலேயே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். 'கோளாறு: டிலே லூப் நிற்கவில்லை. காரணம்: டிசிஎக்ஸ் கொடியைத் தொடாது. செய்தது:' என்று எழுதி, அதற்குக் கீழே தன்னுடைய வரிகளை அப்படியே வரிசையாகப் போட்டிருந்தார். கடைசியில் 'வழி காட்டிய முபீனா மேடத்துக்கு நன்றி' என்று கைகூப்பும் படம் வேறு. அசைன்மெண்ட் தாளில் தனித்தனியாகச் செய்ய வேண்டும், புரோகிராமைப் பகிரக் கூடாது என்று அச்சடித்துத்தான் இருந்தது. அதை அவர் படிக்காமல் இல்லை. பார்த்து எழுதாதே என்றுதான் அவருக்கு அது புரிந்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாதே என்று ஒருத்தன் சட்டம் போடுவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு மொத்தமும் அதை அள்ளிக்கொண்டது. ரிஜிஸ்டரை, வரிக்கு அவர் வைத்த பெயரைக்கூட மாற்றவில்லை, சோம்பேறிக் கழுதைகள். யாரோ ஒருவர் அந்தப் பதிவைப் படம் பிடித்துத் துறைத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என் வாய்க்கு நல்ல வேலை இருக்கும்.

துறைத் தலைவர் கண்ணில் பட்டது அந்த நன்றி ஒன்றுதான். முபீனாவைக் கூப்பிட்டு, விடையை வெளியே விட்டது நீதானே என்றார். கமிட்டி கூடும், உதவியாளர் இடம் போகும் என்றார். லேபுக்குத் திரும்பி வந்தவள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். இடம் போனால் படிப்பும் போச்சு, அத்தா மறுநாளே நிறுத்திவிடுவார்.

"எதுக்கு அழுகுற? அந்த மெயில் இருக்குல்ல, கொண்டுபோயி மூஞ்சில காட்டு" என்றேன் நான். நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

அவள் அதற்கும் மேலே யோசித்தாள். "ஆமாக்கா. அண்ணன் எழுதுனதையும் சேர்த்துக் காட்டுறேன். மூணை வச்சு எப்படி ஓட்டிப் பாத்திருக்காருன்னு படிச்சா, அவரு காப்பியடிக்கிற ஆளு இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். விடை வேணாம்னு அவரே எழுதியிருக்காருல்ல? ரெண்டு பேருக்குமே நல்லது" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. லேப் பிரிண்டரில் நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

கமிட்டியில் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள். முபீனாவைப் பாராட்டினார்கள். ஹிண்ட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னாராம். பிறகு அவர் கேட்டது ஒரு கேள்விதான். "அப்படியானால் இந்த வரிகள் உன்னுடையவை அல்ல. அந்த ஆள் தானாகவே கண்டுபிடித்தவை. சரிதானே?" முபீனா பெருமையாக, "ஆமா சார், அவரேதான் கண்டுபிடிச்சாரு" என்றாள். அவர் தலையை ஆட்டி, "அப்போது விடையை வெளியே விட்டது அவர்தான்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. "சார், அவரு தப்பா எதுவும் பண்ணல சார், அவரு கம்பெனில" என்று ஆரம்பித்தாளாம். நீ போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்து எழுதியவர்களுக்கு அந்த அசைன்மெண்ட்டில் மட்டும் மார்க் கிடையாது. கொடுத்தவரால் இந்த முறை பரீட்சையே எழுத முடியாது. கெடு முடிகிற வருஷம் என்று நான் போய்ச் சொன்னேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். எல்லாருக்கும் ஒன்றா? தானாக யோசித்த ஒரே ஆளை வெளியே தள்ளிவிட்டு, யோசிக்காத கூட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

அழகுபாண்டி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று வராந்தாவில் முபீனாவுக்கு எதிரே வந்துவிட்டார். அவள் பேச வாயெடுக்கும் முன்பே, "மேடம், நீங்க உள்ளதைத்தான காட்டுனீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல? அது போதும். வாரேன் மேடம்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். என்னிடம் வழக்கம்போல "வாரேன்க்கா" என்றார். வரப் போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

முபீனா சரியாகச் சாப்பிடவில்லை. லேபில் யாராவது சந்தேகம் கேட்டால் பேய் அறைந்தவள்போல விழித்தாள். பிறகு எங்கோ விசாரித்து, பல்கலைக்கழகத்துக்கு ஒரு மேல்முறையீடு போட முடியும் என்று தெரிந்துகொண்டாள். மாணவர் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும், துறையிலிருந்து யாராவது ஆதரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நான் போடுறேன்க்கா. என் இடம் போனாலும் பரவால்ல" என்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு கப்பலூருக்குப் பஸ் ஏறினாள்.

கம்பெனி வாசலில் ஒரு டீக்கடை. அழகுபாண்டி நீல யூனிபார்மில் ஓடி வந்தார். கூட வந்த பையன்களிடம், "டேய், இவுகதான் எங்க மேடம். ஒரு மெயில் போட்டா அன்னைக்கே பதில் போடுவாங்க" என்று அறிமுகப்படுத்தினார். எங்களுக்கு வடை வாங்கித் தந்தார். முபீனா அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள். விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்து, "அண்ணே, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. செஞ்சது தப்புதான், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுதுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எழுத ஆரம்பித்து நிறுத்தினார். "என்ன தப்புன்னு எழுதட்டும் மேடம்?" என்றார். குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"சும்மா எழுதுங்கண்ணே, பேருக்குத்தான்" என்றேன் நான்.

"பேருக்குன்னா எப்படிக்கா? இங்க தெனமும் இந்தப் பயலுகளுக்குச் சொல்லாமப் போனா தப்புன்னு நாந்தான் சொல்லிக் குடுக்குறேன். அங்க போயி சொன்னது தப்புன்னு எழுதிட்டு வந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவங்ககிட்டப் பேசுறது?" பேனாவை மூடி முபீனாவிடமே கொடுத்தார். "விடுங்க மேடம். டிப்ளமோவ வச்சுத்தான இம்புட்டு நாளும் கஞ்சி குடிச்சோம்."

முபீனா அங்கேயே அழுதாள். டீக்கடையில் அத்தனை பேரும் பார்க்க, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எல்லாம் என்னாலண்ணே. நான் அந்த மெயிலக் காட்டாம இருந்திருக்கணும்" என்றாள். அழகுபாண்டி அரண்டுபோனார். "ஐயையோ, அழுகாதீங்க மேடம். எல்லாரும் பாக்குறாங்க" என்று என்னைப் பார்த்தார். நான் மட்டும் என்ன கல்லா? நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் முபீனா பக்கம் திரும்பினார். "மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? எங்க தெருவுல ஒரு பையன் உங்க காலேஜ்லதான் பகல்ல படிக்கிறான். அவன் ஊரெல்லாம் நான் காப்பியடிச்சு மாட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரி அந்தப் பேச்சை நம்பல. ஆனா தமிழ்வாணி எங்கிட்டப் பேசுறதில்ல. எதுக்க உக்காந்து படிக்கிறதும் இல்ல. நான் சொன்னா, 'சும்மா இருங்கப்பா'ன்னு எந்திரிச்சுப் போயிர்றா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவா. டீச்சர் சொன்னா நம்புவா."

முபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். அவர் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தார். "தாயி, எங்க மேடம் பேசுறாங்க, கேளு" என்றார்.

"தமிழ்வாணி, நான் முபீனா பேசறேம்மா. உங்கப்பாவோட லேப் மேடம். உங்கப்பா காப்பியடிக்கலம்மா. வகுப்புல யாருக்கும் வராத விடையை அவரு ஒருத்தருதான் தானா கண்டுபிடிச்சாரு. அவருகிட்ட இருந்து பாத்துத்தான் மத்த எல்லாரும் எழுதுனாங்க. சத்தியமாச் சொல்றேன். கமிட்டியிலயும் இதைத்தான் சொன்னேன்."

அழகுபாண்டி குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு அந்தப் பிள்ளையின் குரல் உடைந்து வந்தது.

"நெசமாவா மேடம்? எங்கப்பாவே கண்டுபிடிச்சாரா?"

"நெசமாம்மா."

"அப்பறம் எதுக்கு மேடம் எங்கப்பாவ வெளிய அனுப்புனீங்க?"

முபீனா போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "மேடம்? லைன்ல இருக்கீங்களா மேடம்?" என்று பிள்ளை இரண்டு தரம் கூப்பிட்டாள். அழகுபாண்டி மெதுவாகப் போனை முபீனா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மேடத்துக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி. நான் வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றார்.